உடலில் விளையும் அமிலமும் உறையில் வரும் அமிலமும்: நீரிழிவு நரம்பு வலிக்கு லிப்போயிக் அமிலம்

1. கேள்வி எங்கே இருக்கிறது

சர்க்கரை நோய் வந்து பத்துப் பதினைந்து ஆண்டு ஆனவர்களிடம் பாதத்தைப் பற்றிக் கேட்டால் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே வரும். இரவில் உள்ளங்கால் எரிகிறது; ஊசி குத்துகிறது; பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது; செருப்பு நழுவியதே தெரியவில்லை. நீரிழிவு நரம்புச் சிதைவின் அறிகுறிகள் இவை. சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 26 சதவீதத்தினருக்கு நரம்புச் சிதைவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் பலருடைய மருந்துச் சீட்டில் ‘நரம்புச் சத்து மாத்திரை’ ஒன்று இருக்கும். மெத்தில்கோபாலமின் என்னும் பி12, ஃபோலிக் அமிலம், பிரிடாக்சின் ஆகியவற்றோடு ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும் அதில் கலந்திருக்கும்.

அந்த அமிலம் ஏன் தரப்படுகிறது என்று கேட்டால் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. உயிரணுவில் சக்தி உண்டாக்கும் நொதிகளுக்கு அது துணைக்காரணி என்பது ஒன்று. அது ஆற்றல் மிக்க ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்பது மற்றொன்று. இரண்டும் வேதியியல் அளவில் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளிலிருந்து, ‘ஆகவே இதை விழுங்கினால் நரம்பு வலி தீரும்’ என்ற முடிவுக்கு நேர்வழி இருக்கிறதா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. முதல் காரணம் விழுங்கும் மாத்திரைக்குப் பொருந்துவதில்லை என்றும், இரண்டாவது காரணம் வழக்கமாகச் சொல்லப்படும் வடிவில் நிற்பதில்லை என்றும், அவற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வலியைக் குறைக்கும் விளைவுக்கு ஓரளவு சான்று இருக்கிறது என்றும் இங்கே வாதிடப்படுகிறது.

2. நொதியின் உறுப்பாக

லிப்போயிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் ரீட். 1951இல் அவரும் உடன் உழைத்தவர்களும் ஏறத்தாழ 10 டன் மாட்டு ஈரல் எச்சத்திலிருந்து எடுத்தது சுமார் 30 மில்லிகிராம் மட்டுமே. இன்று நரம்பு வலிக்குச் சோதிக்கப்படும் ஒரு நாள் அளவு 600 மில்லிகிராம். ரீட் பிரித்தெடுத்த முறையில் அதைத் திரட்ட 200 டன் ஈரல் எச்சம் வேண்டியிருக்கும். அவருடைய முறையில் நிறைய வீணாகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மருந்தாகத் தரப்படும் அளவு, உணவிலிருந்து உடல் பெறும் அளவோடு ஒப்பிடவே முடியாதது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அமைப்பில் இது எளிய மூலக்கூறு. எட்டுக் கார்பன் கொண்ட ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலி. அதன் ஆறாவது, எட்டாவது கார்பன்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கந்தக அணு. அந்த இரு கந்தகங்களும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு சிறு வளையமாக இருக்கும். வளையம் திறந்து இரு கந்தகங்களும் ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டால் அது டைஹைட்ரோ லிப்போயிக் அமிலம். அதன் வேலைகள் பெரும்பாலும் இந்தத் திறப்பையும் மூடலையும் சார்ந்தவை.

உடலில் இதன் முதன்மையான பணியிடம் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள பைருவேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் பெரிய நொதித் தொகுதி. சர்க்கரை சிதைந்து உண்டாகும் பைருவேட் இங்கேதான் அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆக மாறிச் சக்தி உற்பத்திச் சுழற்சிக்குள் நுழைகிறது. தொகுதியில் மூன்று நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதலாவது நொதி, தயமின் என்னும் பி1 வைட்டமினிலிருந்து உருவாகும் துணைக்காரணியின் உதவியோடு, பைருவேட்டிலிருந்து கரியமில வாயுவை நீக்குகிறது. மிஞ்சும் இரண்டு கார்பன் துண்டை இரண்டாவது நொதி வாங்கிக்கொள்கிறது. அதை வாங்கும் கை லிப்போயிக் அமிலம்தான். அந்த நொதியின் லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு அது அமைடு பிணைப்பால் நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கிறது. துண்டை ஏற்கும்போது கந்தக வளையம் திறக்கிறது. பின் அந்தக் கை நகர்ந்து துண்டைக் கோஎன்சைம் ஏ-யிடம் ஒப்படைக்கிறது. திறந்தபடி நிற்கும் இரு கந்தகங்களை மூன்றாவது நொதி மீண்டும் வளையமாக்குகிறது. அப்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் என்ஏடி என்னும் ஏற்பியைச் சேர்கின்றன. உயிர்வேதியியலாளர்கள் இதை ‘ஊசலாடும் கை’ என்று அழைப்பது வழக்கம்.

ஆல்ஃபா கீட்டோகுளுட்டாரேட் டீஹைட்ரஜனேஸ், கிளைச் சங்கிலி அமினோ அமிலங்களைச் சிதைக்கும் நொதி, கிளைசினைச் சிதைக்கும் தொகுதி ஆகியவற்றிலும் இதே கை உண்டு. ஆர்சனிக் நஞ்சு இவ்வளவு கொடியதாக இருப்பதற்கு ஒரு காரணமும் இதுதான்: திறந்து நிற்கும் இரு கந்தகங்களையும் ஆர்சனைட் ஒன்றாகப் பற்றிக்கொள்ள, கை அசையாமல் நின்றுவிடுகிறது.

3. விழுங்கியது அந்த இடத்தைச் சேருமா?

விளம்பரங்கள் தாவிச் செல்லும் இடம் இது. ‘இந்த நொதிகளுக்கு லிப்போயிக் அமிலம் தேவை, எனவே மாத்திரையாகக் கொடுத்தால் நொதிகள் வலுப்பெறும்’ என்ற வாதம் கேட்பதற்குச் சரியாகவே படுகிறது. உடல் இந்தத் துணைக்காரணியை எப்படி உண்டாக்குகிறது என்று பார்த்தால் வாதம் தளர்ந்துவிடும்.

மனித உயிரணு லிப்போயிக் அமிலத்தைத் தனியாகத் தயாரித்து, பின்னர் நொதியில் கொண்டுபோய் ஒட்டுவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் எட்டுக் கார்பன் சங்கிலி முதலில் ஒரு புரதத்தின்மேல் ஒட்டப்படுகிறது. ஒட்டிய நிலையிலேயே, லிப்போயில் சிந்தேஸ் என்னும் நொதி அதில் இரு கந்தகங்களையும் செருகுகிறது. முழுமை பெற்ற கை அங்கிருந்து மற்ற நொதிகளுக்கு மாற்றப்படுகிறது. இந்தப் பாதையின் எந்தக் கட்டத்திலும் மூலக்கூறு தனித்து மிதப்பதே இல்லை. வெளியிலிருந்து வரும் தனி லிப்போயிக் அமிலம் வந்து சேர இந்தப் பாதையில் வாசல் இல்லை.

பாதையின் வரைபடத்தை மட்டும் நம்பவேண்டியதில்லை. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லிப்போயில் சிந்தேஸ் மரபணு அறவே நீக்கப்பட்ட எலிக் கருக்கள் தொடக்க நாட்களிலேயே இறந்துவிட்டன. தாய் எலிக்கு உணவில் லிப்போயிக் அமிலம் கொடுத்தும் அவற்றைக் காப்பாற்ற இயலவில்லை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மரபணுவில் குறையுடன் பிறக்கும் மனிதக் குழந்தைகளும் உண்டு. இரத்தத்தில் லாக்டிக் அமிலமும் கிளைசினும் ஏறி, பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு வரும் அரிய நோய் அது. லிப்போயிக் அமிலம் கொடுத்து அந்த நொதிக் குறையைச் சரிசெய்ய முடியவில்லை. துணைக்காரணி முற்றிலும் இல்லாத உடலிலேயே மாத்திரை அந்த இடத்தை நிரப்பவில்லை என்னும்போது, துணைக்காரணியைத் தானே தயாரித்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளியின் உடலில் அது நொதிகளை வலுப்படுத்தும் என்று கருத அடிப்படை இல்லை.

கடையில் கிடைக்கும் பொருள் உடலில் உள்ளதேயன்று என்பதும் இங்கே சேரும். மூலக்கூறின் ஆறாவது கார்பன் இருவகை அமைவுகளில் இருக்கலாம். உடல் உண்டாக்குவது ஆர் வடிவத்தை மட்டும். தொழிற்சாலையில் தயாராவது பெரும்பாலும் ஆர், எஸ் இரண்டும் சரிபாதியான கலவை. மருத்துவச் சோதனைகளிலும் பெரும்பாலும் இந்தக் கலவைதான் பயன்பட்டிருக்கிறது.

ஆக, நொதியின் உறுப்பாக உள்ள லிப்போயிக் அமிலமும் மாத்திரையாக வரும் லிப்போயிக் அமிலமும் ஒரே பெயரில் இரு வேறு வாழ்க்கை நடத்துகின்றன. முன்னதன் பெருமையைப் பின்னதன் கணக்கில் எழுதக்கூடாது. மாத்திரையை ஒரு மருந்தாகவே மதிப்பிட வேண்டும்.

4. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு: எந்த அளவுக்கு?

சோதனைக்குழாயில் லிப்போயிக் அமிலமும் அதன் ஹைட்ரஜன் ஏற்ற வடிவமும் ஹைட்ராக்சில் உறுப்பு போன்ற வினைத்தீவிரம் மிக்க பொருள்களை நேரடியாகச் செயலிழக்கச் செய்கின்றன. இரும்பு, செம்பு ஆகிய உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. டைஹைட்ரோ வடிவத்தின் ஒடுக்கத் திறன் (ஏறத்தாழ மைனஸ் 320 மில்லிவோல்ட்) உயிரணுவின் முதன்மைப் பாதுகாவலரான குளுதாதயோனைவிட (ஏறத்தாழ மைனஸ் 240) வலுவானது. எனவே செலவழிந்த குளுதாதயோனையும் வைட்டமின் சி-யையும் அது மீட்டெடுக்க வல்லது. மீண்ட வைட்டமின் சி, வைட்டமின் ஈ-யை மீட்கும். கலிஃபோர்னியாவின் லெஸ்டர் பாக்கரும் அவர் குழுவினரும் 1990களில் இந்த வலைப்பின்னலை விரிவாக எழுதினார்கள். லிப்போயிக் அமிலத்துக்கு இன்றுள்ள புகழில் பெரும்பகுதி அந்த எழுத்துகளிலிருந்து வந்தது.

ஆனால் உயிருள்ள உடலில் அளவும் நேரமும் கணக்கில் வந்தாக வேண்டும். வாய்வழி எடுத்த மருந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மாறாத வடிவில் இரத்தத்தை எட்டுகிறது. உணவோடு எடுத்தால் அது இன்னும் குறையும். வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வது இதனால்தான். ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். சில மணி நேரத்தில் இரத்தத்தில் சொல்லும்படியாக எதுவும் மிஞ்சாது. உச்ச அளவும் மைக்ரோமோல் கணக்கில்தான். உயிரணுவுக்குள் குளுதாதயோன் இருப்பதோ மில்லிமோல் கணக்கில். அதாவது பல மடங்கு அதிகம். இவ்வளவு குறைந்த அளவில் வந்து இவ்வளவு விரைவில் போகும் ஒரு பொருள், நாள் முழுதும் உண்டாகும் தீவிர உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடித்து அணைக்கிறது என்பதை ஏற்பது கடினம்.

வேறொரு விளக்கம் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. கந்தக வளையத்தோடு வரும் லிப்போயிக் அமிலம், உயிரணுவில் கீப்1 என்னும் காவல் புரதத்தின் கந்தகப் பகுதிகளைச் சற்றே ஆக்சிஜனேற்றம் செய்கிறது. காவல் தளர, என்ஆர்எஃப்2 என்னும் மரபணு இயக்கி உட்கருவுக்குள் சென்று, குளுதாதயோன் தயாரிக்கும் நொதிகள் உள்ளிட்ட பல பாதுகாப்பு நொதிகளைப் பெருக்குகிறது. வயது முதிர்ந்த எலிகளின் ஈரலில் குறைந்துபோன குளுதாதயோன் இவ்வழியில் மீண்டதாக ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். மருந்து சில மணி நேரத்தில் போய்விட்டாலும் அது தூண்டிய நொதிகள் நீடிக்கும் என்பதால், நேரக் கணக்கின் சிக்கலையும் இது தீர்க்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த விளக்கத்தின்படி மாத்திரை முதலில் செய்யும் வேலை ஒரு சிறு ஆக்சிஜனேற்றம். உடலின் எதிர்ப்பு அதற்கான மறுவினையாகவே வருகிறது.

5. நீரிழிவில் நரம்பு ஏன் கெடுகிறது

ஆக்சிஜனேற்றத்துக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மருந்து முயலப்படுவதற்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை உயரும்போது, நரம்பணுக்களும் அவற்றைப் போர்த்தும் ஷ்வான் அணுக்களும் நரம்புக்குள் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவரும் அதைத் தடுக்க முடியாமல் உள்ளே விட்டுவிடுகின்றன. இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரை இவற்றுக்குள் புகும். மைக்கேல் பிரௌன்லீ முன்வைத்த ஒருங்கிணைந்த கருத்துப்படி, மிகுதியான சர்க்கரை மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர் ஆக்சைடு என்னும் தீவிர உறுப்பைப் பெருக்குகிறது. அதனால் டிஎன்ஏ சிதைகிறது. அதைச் சீராக்க எழும் நொதியின் செயலால், சர்க்கரை சிதையும் பாதையின் நடுவில் ஓர் அடைப்பு ஏற்படுகிறது. அடைப்புக்கு மேலே தேங்கும் பொருள்கள் பக்கப் பாதைகளில் வழிகின்றன. அவற்றில் ஒன்று சர்க்கரையைச் சார்பிட்டாலாக மாற்றும் பாதை. குளுதாதயோனை மீட்கத் தேவையான என்ஏடிபிஎச்-ஐ அது செலவழித்துவிடுகிறது. ஆக்சிஜனேற்றம் மேலும் ஏறுகிறது.

நுண்குழாய்களில் நடப்பது வலிக்கு இன்னும் நெருக்கமானது. குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சூப்பர் ஆக்சைடு பிடித்துக்கொள்கிறது. குழாய் சுருங்குகிறது, நரம்புக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. முதுகுத்தண்டை ஒட்டிய கணுவிலிருந்து கால்விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் நரம்பிழை, இந்தக் குறையை முதலில் நுனியில்தான் காட்டும். எரிச்சல் பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறுவது இதனால்தான்.

மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஃபிலிப் லோவின் குழு, நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு லிப்போயிக் அமிலம் செலுத்தியது. நரம்பில் குறைந்திருந்த இரத்த ஓட்டம் அளவுக்கேற்ப மீண்டதையும், குளுதாதயோன் உயர்ந்ததையும், நுனிப்பகுதியின் கடத்து வேகம் கூடியதையும் அவர்கள் 1995இல் வெளியிட்டார்கள். மனிதச் சோதனைகளுக்கு இதுவும் ஓர் அடித்தளம்.

வலியைக் குறைக்கும் இன்னொரு வழியும் கண்டறியப்பட்டிருக்கிறது. வலியுணர் நரம்பணுக்களில் டி வகைக் கால்சியம் வாயில்கள் உள்ளன. அவை எளிதில் திறந்துகொண்டால் நரம்பு காரணமின்றியே சமிக்ஞை அனுப்பும். இந்த வாயில் புரதத்தின் கந்தகப் பகுதிகளை லிப்போயிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் செய்து, வாயிலை அடக்குகிறது என்று விர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். இங்கும் அது ஆக்சிஜனேற்றியாகவே செயல்படுகிறது.

மூன்று வாரத்தில் வலி குறைந்ததாகச் சொல்லும் சோதனைகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம். இழந்த நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் வளர இரண்டரை ஆண்டுக்கு மேலாகும். எனவே மூன்று வாரத்தில் கிடைத்த நிவாரணம் நரம்பு மீண்டும் வளர்ந்ததால் வந்திருக்க முடியாது. இரத்த ஓட்டமோ வாயில்களின் அடக்கமோ அதற்குக் காரணமாகலாம். வலி குறைவதும் நரம்பு குணமாவதும் தனித்தனிக் கேள்விகள்.

6. மனிதர்களில் கண்டவை

ஜெர்மனியில் இந்த மருந்து பல பத்தாண்டுகளாக நரம்புச் சிதைவுக்குப் பயன்பட்டு வருகிறது. டான் ஸீக்லரும் அவர் குழுவும் நடத்திய சோதனைகளே இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை. அவற்றில் பல, மருந்தைத் தயாரிக்கும் நிறுவனங்களின் ஆதரவில் நடந்தவை என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றில் வலி எப்படி அளக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளலாம். மொத்த அறிகுறி மதிப்பெண் என்ற அளவு, வெட்டும் வலி, எரிச்சல், கூச்சம், மரத்துப்போதல் ஆகிய நான்கையும் கேட்கிறது. இலேசானது 1, நடுத்தரம் 2, கடுமை 3. அடிக்கடி வந்தால் 0.33, ஏறக்குறைய எப்போதும் இருந்தால் 0.66 கூடும். உச்சம் 14.64. ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எரிச்சல் கடுமையாக எப்போதும் இருக்கிறது: 3.66. வெட்டும் வலி நடுத்தரம், எப்போதாவது: 2. கூச்சம் நடுத்தரம், அடிக்கடி: 2.33. மரத்துப்போதல் இலேசாக, எப்போதும்: 1.66. மொத்தம் 9.65. சோதனைகளில் சேர்ந்த பலருடைய தொடக்க நிலை ஏறத்தாழ இதுதான்.

1995இல் வெளியான அலாடின் சோதனையில் இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 328 பேர் சேர்ந்தார்கள். மூன்று வாரம் இரத்த நாளத்தில் ஊசிவழியே 1200, 600 அல்லது 100 மில்லிகிராமோ வெற்று மருந்தோ செலுத்தப்பட்டது. மதிப்பெண் 600 மில்லிகிராம் பெற்றவர்களில் சராசரியாக 5.0, 1200 பெற்றவர்களில் 4.5, 100 பெற்றவர்களில் 3.3, வெற்று மருந்து பெற்றவர்களில் 2.6 குறைந்தது. நாம் கற்பனை செய்த நபர் 600 பெற்றிருந்தால் 9.65 ஏறத்தாழ 4.65 ஆகும், வெறும் உப்புநீர் பெற்றிருந்தாலும் 7 ஆகியிருக்கும். எரிச்சல் ‘கடுமை, எப்போதும்’ என்பதிலிருந்து ‘இலேசு, எப்போதாவது’ என்று இறங்கினால் மட்டும் 2.66 குறையும் என்பதால், வேறுபாடு நோயாளிக்குத் தெரியக்கூடியதுதான். அதேசமயம் வெற்று மருந்தும் இத்தனை வேலை செய்கிறது என்பதால், ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த அனுபவச் சான்றும் இந்தக் கேள்வியில் செல்லாது.

மாஸ்கோவில் 120 பேரிடம் நடந்து 2003இல் வெளியான சிட்னி சோதனையில் வேறுபாடு இன்னும் பெரியது: ஊசியில் 5.7, வெற்று மருந்தில் 1.8. வாய்வழி மருந்தைச் சோதித்த சிட்னி 2 (2006) 181 பேரை ஐந்து வாரம் கண்காணித்தது. 600, 1200, 1800 மூன்று அளவுகளிலும் மதிப்பெண் நாலரையிலிருந்து ஐந்துக்குள் குறைந்தது. வெற்று மருந்தில் 2.9. அளவைக் கூட்டியதால் பலன் கூடவில்லை, குமட்டல்தான் கூடியது. 600 மில்லிகிராம் வழக்கமான அளவாக நிலைத்தது இதனால்தான்.

இதுவரை படம் ஒத்துப்போகிறது. நீண்டகாலச் சோதனைகளில் அது கலைகிறது. 509 பேர் கொண்ட மூன்றாம் அலாடின் சோதனையில் மூன்று வார ஊசிக்குப் பின் ஆறு மாதம் வாய்வழி 1800 மில்லிகிராம் தரப்பட்டது. அறிகுறி மதிப்பெண்ணில் வெற்று மருந்தோடு உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. 460 பேரை நான்கு ஆண்டு தொடர்ந்த நாதன் 1 சோதனை 2011இல் வெளியானது. மருத்துவப் பரிசோதனையையும் நரம்புக் கடத்துச் சோதனைகளையும் இணைத்த அதன் முதன்மை அளவுகோலில் வேறுபாடு நிறுவப்படவில்லை. மருத்துவர் பரிசோதித்துத் தரும் குறைபாட்டு மதிப்பெண்ணில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. மருந்தை ஆதரிப்போர், வெற்று மருந்துக் குழுவினரின் நரம்புகளும் நான்கு ஆண்டில் எதிர்பார்த்தபடி மோசமாகவில்லை, அதனால் தடுப்பு விளைவு தெரிய வழியில்லாமல் போயிற்று என்கிறார்கள். இது நியாயமான விளக்கம்தான். ஆனால் விளக்கம் சான்றாகிவிடாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நடந்த சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்ட 2024ஆம் ஆண்டுக் காக்ரேன் மறுஆய்வு, 816 பேர் அடங்கிய மூன்று சோதனைகளைப் பரிசீலித்து, ஆறு மாத முடிவில் அறிகுறிகளில் விளைவு அநேகமாக இல்லை அல்லது மிகச் சிறிது என்று முடிவு செய்தது.

இரு தொகுதிச் சான்றுகளும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. சில வாரங்களுக்கு, குறிப்பாக ஊசிவழியில், வலி குறைவது ஏற்கத்தக்கது. முன் பகுதியில் கண்ட இரத்த ஓட்டம், வாயில் ஆகிய விளக்கங்களோடும் அது பொருந்துகிறது. நரம்புச் சிதைவின் போக்கையே அது மாற்றுகிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை. நோயின் தொடக்கத்திலேயே சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்துவதற்கு அந்தச் சான்று உண்டு: முதல் வகை நீரிழிவில் நடந்து 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வில் நரம்புச் சிதைவு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் அந்தப் பலன் சிறிது.

7. நம் மருந்துச் சீட்டில்

நம் கடைகளில் விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் லிப்போயிக் அமிலத்தின் அளவு 100 மில்லிகிராம். சோதனைகளில் வலியைக் குறைத்தது 600. அலாடின் சோதனையில் 100 மில்லிகிராமை நேரடியாக இரத்தத்தில் செலுத்தியபோதே வெற்று மருந்திலிருந்து தெளிவாக வேறுபடவில்லை. வாய்வழியே, அதுவும் பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் 100 மில்லிகிராம், சோதனைகளின் பலனைத் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. நரம்பு வலிக்கு லிப்போயிக் அமிலம் உதவுமா என்ற விவாதமே இந்த மாத்திரைகளைத் தொடவில்லை எனலாம்.

அந்த மாத்திரையால் உண்மையிலேயே குணம் கண்டவர்கள் இருக்கலாம். அதற்கு வேறு காரணம் இருக்க வாய்ப்புண்டு. மெட்ஃபார்மின் பல ஆண்டு எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம்; அக்குறையும் காலில் இதே எரிச்சலையும் மரப்பையும் தரும். கூட்டு மாத்திரையில் உள்ள பி12 அதைச் சரிசெய்திருக்கலாம். இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்காமல் கூட்டு மாத்திரையைத் தொடங்கிவிட்டால், எது எதைக் குணமாக்கியது என்பது பின்னால் தெரியவே தெரியாது.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. எரிச்சல் நின்றுவிட்டது, மாத்திரை வேலை செய்கிறது என்று நம்பும் சிலருக்கு நின்றது எரிச்சல் மட்டுமல்ல. வலியை அனுப்பிக்கொண்டிருந்த மெல்லிய நரம்பிழைகளே செத்து, பாதம் உணர்விழந்திருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்த எளிய வழி உண்டு. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளி உணர்கிறாரா என்று பார்ப்பது ஒன்று. 128 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைப் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பது மற்றொன்று. வலி குறைந்து, இந்த உணர்வுகள் அப்படியே இருந்தால் மகிழலாம். வலியும் போய் உணர்வும் போயிருந்தால் அது முன்னேற்றமல்ல, நோயின் அடுத்த கட்டம். கவனிக்கப்படாத சிறு காயம் புண்ணாகும் கட்டம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை மருந்து பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை. குமட்டல், வாந்தி, தோல் தடிப்பு வரலாம். அரிதாக, கந்தகத்தின் வினையால் உடல் இன்சுலினுக்கே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, திடீர்ச் சர்க்கரைத் தாழ்வு வரும் நோய் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பதிவாகியிருக்கிறது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காரணமின்றி வியர்வையும் படபடப்பும் வந்தால் மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரையும் சொல்லவேண்டும்.

பாதம் எரியும் ஒருவர் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: என் பி12 அளவு என்ன? நைலான் இழையை என் பாதம் உணர்கிறதா? இந்த மாத்திரையில் லிப்போயிக் அமிலம் எத்தனை மில்லிகிராம்? கடைசிக் கேள்விக்கு விடை 100 என்றால், வலிக்காக அதற்குப் பணம் செலவழிக்க ஆதாரம் இல்லை. 600 என்றால், வெறும் வயிற்றில் சில வாரம் எடுத்துப் பார்த்து, பலன் இல்லையெனில் நிறுத்திவிட்டு, வலி மருந்தாகச் சான்று வலுவாக உள்ள டுலாக்சிடின், பிரிகாபலின் போன்றவற்றைப் பற்றி மருத்துவரோடு பேசுவதே முறை.